நன்றிப் பந்தியில் 11 பெயர்: யாரையும் மேலே கீழே வைக்காமல் எப்படி அடுக்குவது?

வெள்ளவத்தை வாசகி

செட்டியார் தெருவில் நகை வேலை செய்தவர்களிடம் கேட்டுச் சேர்த்த தொழிற்சொற்களை ஒரு சின்ன நூலாகத் தொகுத்திருக்கிறேன். 96 பக்கம், 300 பிரதி. என்னுரையின் கடைசிப் பந்தி மட்டும் சரிவரவில்லை. பெயர்களை மாற்றி அப்படியே கீழே போடுகிறேன்.

"முதற்கண் இந்நூலுக்கு அணிந்துரை வழங்கிய பேராசிரியர் கணேசன் அவர்களுக்கு எனது சிரந்தாழ்ந்த நன்றிகள். அடுத்து, சொற்களைத் தந்துதவிய சுந்தரம் ஐயா, அமரர் வேலாயுதம், நடராசா, ஹமீத் நானா முதலியோருக்கும் நன்றி. குறிப்பாக, ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிய ஜெயந்தியை மறக்க முடியாது. மேலும் சரவை பார்த்த மங்களா, அட்டை வடிவமைத்த ஷிஃபா, நிதியுதவி செய்த இராசையா, அச்சிட்ட நிமல் போன்றோருக்கும், இறுதியாக எல்லாவற்றுக்கும் மேலாக எனது அன்புக் கணவர் ரமணனுக்கும் நன்றிகள்."

வாசித்துப் பார்த்தால் ஒரு வரிசையில் ஆட்களை நிற்க வைத்தது போல இருக்கிறது. யாரும் யாருக்கும் கீழே இல்லை என்று தெரிய வேண்டும். எந்த ஒழுங்கில் போடலாம்?

கொட்டாஞ்சேனை குமார்

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை, அக்கா? அகரவரிசையில போடுங்கோ. எழுத்து யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. "பெயர்கள் அகரவரிசையில்" எண்டு அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி. முடிஞ்சுது.

மருதானை மோகன்

பிரதம விருந்தினரை முதலில் சொல்ல வேண்டும், பிறகு சிறப்பு விருந்தினர், பிறகு மண்டபத்தார், கடைசியாகச் சபையோர். தமிழ்ச் சங்கத்தில் வெளியீடு வைத்தால் நன்றியுரை 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மின்வெட்டு வந்தால் ஒலிவாங்கி வேலை செய்யாது என்பதையும் யோசித்து வையுங்கள்.

வெள்ளவத்தை வாசகி

மோகன் அண்ணா, நான் கேட்டது மேடையில் சொல்வதை இல்லை. நூலுக்குள் அச்சாகும் பந்தி.

சரவைக்காரர்

மேடையிலும் நூலிலும் ஒழுங்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மோகன். மேடையில் ஆட்கள் கண்முன்னே கதிரைகளில் வரிசையாக இருக்கிறார்கள். அந்த வரிசையைச் சபை ஏற்கெனவே பார்த்துவிட்டது, நன்றியுரை அதன் வழியே போனால் போதும். நூலில் கதிரை இல்லை. ஒழுங்கை உண்டாக்குவது எழுதுகிறவர்தான், ஆகவே அதற்கு அவரே பொறுப்பு.

வாசகி, உங்கள் பந்தியில் பெயர்கள் நிற்கும் இடத்தை விட, பெயர்களுக்கு நடுவே கிடக்கும் சொற்கள்தான் படி கட்டுகின்றன. "முதற்கண்", "அடுத்து", "குறிப்பாக", "மேலும்", "இறுதியாக", "எல்லாவற்றுக்கும் மேலாக". இந்த ஆறையும் வெட்டிவிட்டு ஒருமுறை வாசியுங்கள், பாதி நோவு போய்விடும். "குறிப்பாக ஜெயந்தி" என்றதும், அதற்கு முன் வந்த நால்வரும் குறிப்பில்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்படி நினைத்து நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தச் சொல் அதைத்தான் செய்கிறது.

அடுத்தது, நன்றியின் அளவு. பேராசிரியருக்குச் சிரந்தாழ்ந்த நன்றி, தொழிலாளருக்கு வெறும் நன்றி, ஜெயந்திக்கு மறக்க முடியாமை, கணவருக்கு அன்பு. ஒரே பந்தியில் நாலு தரத்தில் நன்றி அளந்து கொடுத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, "முதலியோர்", "போன்றோர்". "முதலியோர்" என்றால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை என்று பொருள். சொற்களைத் தந்தவர்கள் நால்வர்தான் என்றால் அங்கே "ஆகியோர்" வர வேண்டும். பட்டியல் அதோடு முடிந்தது என்று சொல்லும் சொல் அது. "நிமல் போன்றோர்" என்பது அதைவிட மோசம். நிமலுக்கு நன்றி சொல்கிறீர்களா, நிமலைப் போன்ற வேறு யாருக்குமா?

ஒழுங்குக்கு என் விடை: நூல் நடந்து வந்த பாதை. சொல் வாயிலிருந்து வந்தது, ஒலிப்பதிவானது, எழுத்தானது, படிக்கப்பட்டது, சரவை பார்க்கப்பட்டது, பக்கமானது, அச்சானது. அவரவர் கைபட்ட இடத்தில் அவரவர் பெயர். தன் பெயர் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள், வாசித்தாலே தெரியும்.

கொட்டாஞ்சேனை குமார்

அண்ணை, அகரவரிசை ஏன் பிழை எண்டு நீங்கள் சொல்லேல்லையே. உலகம் முழுக்க அதைத்தானே செய்யிறாங்கள்.

கொம்பனித்தெரு வாசகன்

குமார், இதுக்கு நான் சொல்றேன். வாசகி தந்த பெயர்ல அஞ்சை எடுங்க. தமிழ் எழுத்தையெல்லாம் முடிச்சிட்டுக் கிரந்தத்தைக் கடைசில வைக்கிற முறையில அடுக்கினா இப்பிடி வரும்:

சுந்தரம், நடராசா, வேலாயுதம், ஜெயந்தி, ஹமீத்.

கம்ப்யூட்டர்ல எழுத்துக் குறியீட்டு எண்படி அடுக்கினா "ஜ" வந்து "ச"வுக்குப் பக்கத்துல ஏறிடும்:

சுந்தரம், ஜெயந்தி, நடராசா, வேலாயுதம், ஹமீத்.

இதே ஆக்கள இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல்ல அடுக்கினா:

ஹமீத், ஜெயந்தி, நடராசா, சுந்தரம், வேலாயுதம்.

ஒரே மனுசன், ரெண்டு வரிசைல கடைசி, ஒண்டுல முதல். கொழும்புல எங்கட பெயர்ல பாதி ஹ, ஸ, ஷ, ஜ-ல தொடங்குது. தமிழ் அகரவரிசை எண்டு போட்டா ஹமீத், ஷிஃபா, ஸைனப், ஹனிஃபா எல்லாரும் வாலுல ஒண்டாச் சேர்ந்து நிப்பாங்க. பக்கத்துல ஜோசப், ஸ்டீபன். யாரும் வேணுமெண்டு செய்யல்ல, ஆனா பார்க்கிற கண்ணுக்கு ஒரு கூட்டத்தை எடுத்துக் கடைசியில வெச்ச மாதிரித்தான் தெரியும். மத்த ஊர்ல இது பெரிசாத் தெரியாது, இங்க தெரியும்.

கொட்டாஞ்சேனை குமார்

இதை நான் யோசிக்கேல்லை. சரிதான். அப்ப அகரவரிசையே வேண்டாமா?

சரவைக்காரர்

வேண்டாம் என்றில்லை. ஒரே வேலையைப் பத்துப் பதினைந்து பேர் செய்திருந்தால், உதாரணமாக முன்பதிவு செய்து பிரதி வாங்கியவர்கள் என்றால், அகரவரிசைதான் கைகொடுக்கும். அங்கே யாருக்கும் தனி வேலை இல்லை. அப்போதும் இரண்டைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தலைப்பெழுத்தை வைத்து அடுக்குவதா, பெயரை வைத்தா என்பது. நம்முடைய தலைப்பெழுத்துப் பெரும்பாலும் தந்தை பெயர், ஆகவே "க. வேலாயுதம்" வகரத்தில்தான் போக வேண்டும், ககரத்தில் இல்லை. பட்டியலை மென்பொருளிடம் அப்படியே கொடுத்தால் அது ககரத்தில் போட்டுவிடும். பெயரைத் தனி நிரலிலும் தலைப்பெழுத்தை இன்னொரு நிரலிலும் வைத்து அடுக்க வேண்டும். மற்றது, கிரந்த எழுத்தை எங்கே வைப்பது. கொம்பனித்தெருக்காரர் சொன்னதை யோசித்தால், ஜகரத்தைச் சகரத்தோடும் ஸகரத்தைச் சகரத்தோடும் கலந்து அடுக்குவது நல்லது. ஹகரத்துக்கு அப்படி ஓர் இணை இல்லை, அது எங்கே வைத்தாலும் இடறும்.

ஆனால் வாசகியிடம் இருப்பது 11 பேர், ஏழெட்டு வேலை. வேலை ஒழுங்கு கையில் இருக்கும்போது எழுத்து ஒழுங்கைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வெள்ளவத்தை வாசகி

பாதை ஒழுங்கு விளங்குகிறது. ஆனால் சொற்களைத் தந்தவர்கள் நால்வர். ஒரே வேலை, ஒரே கட்டம். அந்த நாலு பேருக்குள் யார் முதலில்? சுந்தரம் ஐயாதான் வயதில் மூத்தவர். அதிக சொல் தந்தவர் நடராசா.

சரவைக்காரர்

இரண்டையும் தொடாதீர்கள். வயதை வைத்தால் மூப்பு, எண்ணிக்கையை வைத்தால் போட்டி. ஒலிப்பதிவுக் கோப்பில் நாள் இருக்கும், அந்த நாள் ஒழுங்கில் போடுங்கள். அதைப் பந்திக்குள்ளேயே அரை வரியில் சொல்லியும் விடுங்கள். காரணம் சொல்லாத நாள் ஒழுங்கை வாசகர் வேறு ஏதாவது ஒழுங்காக எடுத்துக்கொள்வார். ஒருவரிடமே பல நாள் போயிருந்தால் முதல் நாளைக் கணக்கெடுங்கள்.

அழைக்கும் சொற்களையும் பாருங்கள். "சுந்தரம் ஐயா", "ஹமீத் நானா", ஆனால் "நடராசா" வெறுமனே நிற்கிறார். நேரில் நீங்கள் அப்படிக் கூப்பிடுவீர்கள், அது சரி. அச்சில் ஒருவருக்கு ஐயா, இன்னொருவருக்கு அண்ணன் முறை, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை என்றால் மூன்று படி. எல்லோருக்கும் விடுங்கள்.

தெஹிவளை சாந்தா

ஒரு கேள்வி, கொஞ்சம் வேறு மாதிரியானது. அம்மாவின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். கடைசிப் பக்க நன்றி நவிலலில் வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள், வைத்தியசாலையில் துணை நின்றவர்கள், சமைத்துத் தந்த அயலவர்கள் என்று பெயரோடு போட வேண்டும் என்று தம்பி நிற்கிறான். இதே பாதை ஒழுங்கு அதற்கும் சரிவருமா?

சரவைக்காரர்

உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன், சாந்தா.

கல்வெட்டில் பெயர் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நூலில் வேலை செய்தவர்களை எண்ணிவிடலாம், மரண வீட்டுக்கு வந்தவர்களை எண்ண முடியாது. பத்துப் பெயர் போட்டால் பதினோராவது ஆள் தன் பெயரைத் தேடுவார். செய்கையை மட்டும் சொல்லுங்கள், அம்மாவின் கடைசி நாட்களில் நடந்த ஒழுங்கிலேயே: நோயில் துணை நின்றவர்கள், செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், அடுப்பு எரியாத வீட்டுக்கு உணவு அனுப்பியவர்கள், இறுதிக் கிரியையில் நின்றவர்கள். ஒவ்வொருவரும் தான் எந்த வரியில் இருக்கிறேன் என்று கண்டுகொள்வார். பெயர் சொல்லியே ஆக வேண்டியவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதலாம், அது கல்வெட்டை விட நாள் கடந்து நிற்கும்.

தெஹிவளை சாந்தா

உணவு அனுப்பியவர்கள் என்ற வரி போதும். நன்றி, ஐயா. தம்பிக்குக் காட்டுகிறேன்.

பம்பலப்பிட்டி ஆசிரியை

நான் ஒன்றில் உடன்பட மாட்டேன். பேராசிரியரைச் சரவை பார்த்தவருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, "இது படிநிலை இல்லை, பாதை" என்றால் அவர் விளங்கிக்கொள்ளலாம். அவருடைய மாணவர்கள் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆசிரியரை முதலில் வைப்பது தரம் பிரிப்பதாக எனக்குப் படவில்லை, அது நம் பழக்கத்தில் உள்ள மரியாதை. மற்றவர்களும் அதைக் குறையாக எடுக்க மாட்டார்கள்.

சரவைக்காரர்

மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ரீச்சர். அவருக்குரிய இடம் நூலில் ஏற்கெனவே இருக்கிறது. அணிந்துரை முன்பக்கங்களில், அவர் பெயரோடும் பதவியோடும் வருகிறது, அது முழுப் பக்கம் ஒன்று. செட்டியார் தெருவில் 40 வருடம் உலையடியில் இருந்த ஒருவருக்கு இந்தப் பந்தியில் அரை வரிதான். இங்கேயும் பேராசிரியர் அவருக்கு முன்னே வர வேண்டுமா?

இன்னொரு வழியும் உண்டு. என்னுரையின் நடுவில், சொற்களின் பொருளை எப்படிச் சரிபார்த்தோம் என்று சொல்லும் இடத்தில், பேராசிரியர் எந்தச் சொற்களைத் திருத்தச் சொன்னார் என்று இரண்டு வாக்கியம் எழுதலாம். அவர் செய்த வேலைக்கு நன்றிப் பந்தியில் வரும் முதலிடத்தை விட அது பெரிய மதிப்பு. பிறகு கடைசிப் பந்தியில் மற்றவர்களோடு வரட்டும்.

பம்பலப்பிட்டி ஆசிரியை

நடுவில் இரண்டு வாக்கியம் எழுதுவது நல்லதுதான். ஆனால் நூலைக் கையில் எடுக்கிறவர்கள் கடைசிப் பந்தியைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள், தங்கள் பெயர் இருக்கிறதா என்று. அவர்களுக்கு நடுப் பக்கம் தெரியாது. என் கருத்து மாறவில்லை.

கொம்பனித்தெரு வாசகன்

கணவர் பெயரைப் பத்தி யாரும் சொல்லல்லையே. கடைசி இடமும் முதல் இடம் மாதிரித்தான், கனமான இடம். "இறுதியாக, எல்லாவற்றுக்கும் மேலாக" எண்டு வெச்சா மத்த பத்துப் பேரும் அதுக்குக் கீழதானே.

சரவைக்காரர்

சரியான இடத்தில் தொட்டீர்கள். வாசகி, ரமணன் இந்த நூலுக்கு என்ன செய்தார்? வேலை ஒன்று செய்திருந்தால் அந்த வேலையின் இடத்தில் வருவார், "கணவர்" என்ற சொல் இல்லாமல். வேலை செய்யவில்லை, ஆனால் அவர் இல்லாமல் நூல் இல்லை என்றால், அது சமர்ப்பணப் பக்கத்துக்கு உரியது. நன்றிப் பந்தி வேலைக்கு.

வெள்ளவத்தை வாசகி

பட்டறைக் கருவிகளைப் படம் எடுத்தது அவர்தான். 22 படம். அதை எழுதவே மறந்துவிட்டேன்!

இராசையா அச்சுச் செலவில் ஒரு பங்கு தந்தார். தொகையைப் போடலாமா?

சரவைக்காரர்

தொகை வேண்டாம். பணத்துக்கு எண் போட்டால் ஜெயந்தியின் இரவுகளுக்கும் எண் போட வேண்டிவரும். "ஒரு பங்கை ஏற்றுக்கொண்டார்" என்பது போதும், அதுவும் அச்சுக் கட்டத்தில்.

இனி எழுதும் முறை. "இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்னாருக்கும் நன்றி" என்று ஒரே வாக்கியமாகக் கட்டலாம், தமிழில் அது இயல்பாக வரும். பயனிலை கடைசியில் இருப்பதால் எல்லாப் பெயரும் ஒரே நன்றிக்காகக் காத்திருக்கும். நாலு பேர் வரை அது அழகு. 11 பேருக்கு நீட்டினால் யாருக்கு என்ன வேலை என்பது கலைந்துபோகும், "க்கும்" ஓசை மட்டும்தான் மிஞ்சும். அதனால் பெயரை எழுவாயாக வைத்து, அவர் செய்ததை முற்றுவினையில் முடியுங்கள். எழுத்தாக்கினார், பார்த்தார், அச்சிட்டார். இதில் இன்னொரு இலாபம், பெயர் உருபு ஏறாமல் முழுசாக நிற்கும். "ஹமீதுக்கா, ஹமீத்துக்கா, ஹமீதிற்கா" என்று தடுமாற வேண்டியதில்லை. "நன்றி" என்ற சொல் கடைசியில் ஒரே ஒரு தடவை, எல்லோருக்கும் சேர்த்து.

"உதவினார்" என்ற வினையை எங்கும் போடாதீர்கள். ஒருவர் "வரைந்தார்", இன்னொருவர் "உதவினார்" என்றால் உதவினவர் சின்னவர் ஆகிவிடுவார். என்ன செய்தார் என்று தெரியாததால்தான் அந்தச் சொல் வருகிறது. அவரிடமே கேளுங்கள்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை சொல் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்குப் பதினைந்து என்றால், ஒழுங்கு எவ்வளவு நேராக இருந்தாலும் கண் பதினைந்தில்தான் நிற்கும்.

வெள்ளவத்தை வாசகி

எழுதிப் பார்த்தேன். இப்படி வந்திருக்கிறது:

"இந்நூலின் சொற்களை நடராசா, ஹமீத், அமரர் வேலாயுதம், சுந்தரம் ஆகியோர் தங்கள் பட்டறைகளில் இருந்தபடி சொன்னார்கள், பெயர்கள் ஒலிப்பதிவு தொடங்கிய நாள் ஒழுங்கில் உள்ளன. ஒலிப்பதிவுகளை ஜெயந்தி எழுத்தாக்கினார். கருவிகளை ரமணன் படம் எடுத்தார். கைப்பிரதியைப் பேராசிரியர் கணேசன் படித்து, பொருள் மயங்கிய சொற்களைக் காட்டினார். சரவையை மங்களா இருமுறை பார்த்தார். பக்கங்களையும் அட்டையையும் ஷிஃபா வடிவமைத்தார். அச்சுச் செலவில் ஒரு பங்கை இராசையா ஏற்றுக்கொண்டார். நிமல் அச்சிட்டுக் கட்டித் தந்தார். இந்தப் பதினொருவருக்கும் என் நன்றி."

ரீச்சருக்காகவும் கொஞ்சம் யோசித்து, "பேராசிரியர்" என்பதை எடுக்கவில்லை.

சரவைக்காரர்

நன்றாக வந்திருக்கிறது. "பதினொருவர்" என்ற எண் நல்ல காவல். பெயர்களை எண்ணிப் பாருங்கள், யாராவது தட்டச்சில் விழுந்திருந்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். "பேராசிரியர்" இருப்பது எனக்கு உறுத்துகிறது, மற்றப் பத்துப் பேருக்கும் பட்டம் இல்லாதபோது. ஆனால் நூல் உங்களுடையது.

கொம்பனித்தெரு வாசகன்

"அமரர்" ஒரு பெயருக்கு முன்னால மட்டும் இருக்கே. அது பட்டமா, செய்தியா? நாளைக்கு ரெண்டாம் பதிப்பு வரக்குள்ள ஹமீத் நானா மௌத்தாகியிருந்தா அவருக்கு "மர்ஹூம்" எண்டு போடணும், "அமரர்" பொருந்தாது. அப்ப ஒரே வரியில ரெண்டு சொல்.

வெள்ளவத்தை வாசகி

வேலாயுதத்தின் மகள் அது இருக்க வேண்டும் என்று கேட்டார். அவருக்காக விட்டிருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை குமார்

பக்கம் உடையிறதையும் பாருங்கோ அக்கா. பந்தி பக்கக் கடைசியில தொடங்கி, இராசையாவும் நிமலும் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போனா, மறந்து பிறகு சேர்த்த மாதிரி இருக்கும். வேர்ட்டில பந்தியைத் தெரிவு செய்து, Paragraph பெட்டியில Line and Page Breaks எண்ட பகுதிக்குப் போய் Keep lines together எண்டதுக்குச் சரி போடுங்கோ, பந்தி முழுசா ஒரே பக்கத்தில நிக்கும். தலைப்பெழுத்துப் போடுறதெண்டால் எழுத்துக்கும் பெயருக்கும் நடுவில Ctrl+Shift+Space அடியுங்கோ, இல்லாட்டி "க." ஒரு வரியிலயும் "வேலாயுதம்" அடுத்த வரியிலயும் விழும்.

வெள்ளவத்தை வாசகி

உண்மைதான், நிமல் ஒருவர் மட்டும் அடுத்த பக்கத்தில் நின்றார். இப்போது பந்தி ஒன்றாக நிற்கிறது. ஆனால் முந்திய பக்கத்தின் அடியில் ஒன்பது வரி வெறுமையாகிவிட்டது.

சரவைக்காரர்

வெறுமையை அப்படியே விடாதீர்கள். பேராசிரியர் திருத்தச் சொன்ன சொற்களைப் பற்றிய இரண்டு வாக்கியத்தை அதற்கு முந்திய பந்தியில் சேர்த்தால் நாலைந்து வரி நிரம்பும். மிச்சத்தை ஷிஃபா வரி இடைவெளியில் சரிசெய்துவிடுவார். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஒரு பந்தியை மட்டும் பதினொருவருக்கும் அனுப்பி, அவரவர் பெயரின் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்கைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள், எழுத்தை மட்டும். நிமலுக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள்.

வெள்ளவத்தை வாசகி

இன்றிரவே அனுப்புகிறேன். ஜெயந்தி முந்திவிட்டாள், தன் பெயர் சரியாம். ஹமீத் நானா தன் பெயருக்கு முன் தலைப்பெழுத்து வேண்டும் என்கிறார்.

கொம்பனித்தெரு வாசகன்

அப்ப எல்லாருக்கும் போடணும்.